அந்தக் கடிதத்தில் நான் ஏன் கையெழுத்து வைக்கவில்லை

பதிவு நீளமானது. எங்கள் தொடர்மாடிக் காரர்கள் கட்டாயம் கடைசி வரை வாசிக்க வேண்டும். மற்றவர்களும் வாசிக்கலாம், ஏனென்றால் இந்தக் கடிதம் இன்று எங்கள் வளவில் சுற்றுகிறது, நாளைக்கு உங்கள் வளவுக்கும் வரும்.

போன கிழமை எங்கள் வட்ஸ்அப் குழுமத்தில் "குடியிருப்பாளர்கள் கடிதம்" என்று ஒன்று போடப்பட்டது. அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து வளவுக்குள் நாய், பூனைகளுக்கு உணவு வைப்பது முற்றாகத் தடை. மீறினால் 2,000 ரூபா தண்டம். வளவில் உள்ள கட்டாக்காலி நாய்கள் தொடர்பில் குழு "தேவையான நடவடிக்கை" எடுக்கும். 48 வீடுகளில் 41 வீட்டுக்காரர் கையெழுத்து வைத்துவிட்டார்கள். வைக்காத ஏழு வீட்டில் எங்கள் வீடும் ஒன்று.

நேற்று லிப்டில் ஒரு நானா என்னைக் கேட்டார்: "டீச்சர், நீங்கள் நாயின் பக்கமா, பிள்ளையின் பக்கமா?"

லிப்ட் நாலாம் மாடிக்கு வருவதற்குள் சொல்லக்கூடிய பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நான் பிள்ளையின் பக்கம். அதனால்தான் கையெழுத்து வைக்கவில்லை.

கடிபட்ட பிள்ளை என் வகுப்புப் பிள்ளை. இது எத்தனை பேருக்குத் தெரியுமோ தெரியாது. ஒன்பது வயது. ஒரு வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு குர்ஆன் மத்ரஸாவுக்கு ஓடியிருக்கிறான். ஜெனரேட்டர் அறைக்குக் கீழே மண்ணிறப் பெட்டை நாய் ஒன்று ஐந்து குட்டிகளோடு கிடந்தது. அதே இடத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், யாரோ லஞ்ச் ஷீட்டில் மீன் தலையும் சோறும் கொட்டி வைத்திருந்தார்கள். குட்டியும் சாப்பாடும் ஒரே இடத்தில் இருக்க, பிள்ளை அதன் மேலால் பாய்ந்து ஓடினால் எந்தத் தாய் நாயும் கடிக்கும். கெண்டைக்காலில் இரண்டு பல் பட்டது.

உம்மா பயந்துபோய் மஞ்சளும் கோப்பித்தூளும் வைத்துக் கட்டிவிட்டார். அடுத்த நாள் காலை வகுப்பில் அவன் நொண்டுவதைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. கட்டை அவிழ்த்து, பாடசாலைக் குழாயடியில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவினேன். உண்மையில் அதைக் கடிபட்ட உடனேயே செய்திருக்க வேண்டும். விசர்நாய்க் கிருமி கடிவாயில்தான் முதலில் இருக்கும். சவர்க்காரம் அதன் மேலுறையைக் கரைத்துவிடும். மஞ்சளும் கோப்பித்தூளும் ஒன்றும் செய்யாது, கழுவ விடாமல் மூடித்தான் வைக்கும். இந்தப் பதிவில் வேறொன்றும் மனதில் நிற்காவிட்டாலும் இதை மறக்க வேண்டாம்: எந்த நாய், எந்தப் பூனை கடித்தாலும், கீறினாலும், சின்னக் குட்டி கடித்தாலும், முதலில் சவர்க்காரமும் தண்ணீரும் 15 நிமிடம், பிறகு நேரே அரச வைத்தியசாலை. அங்கே ஊசி இலவசம். நோயின் அறிகுறி வந்த பிறகு எந்த வைத்தியராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வைத்தியசாலையில் டொக்டர் மூன்று கேள்வி கேட்டார். எந்த நாய் என்று தெரியுமா? அதற்கு ஊசி போட்டிருக்கிறதா? அதை 14 நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

இந்த மூன்று கேள்வியில்தான் என் முழு வாதமும் இருக்கிறது. விசர் பிடித்த நாயின் எச்சிலில் கிருமி வருவது, நோய் வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்னால்தான். தெரிந்த பிறகு அது சில நாளிலேயே செத்துவிடும். ஆகவே கடித்த நாய் 10 நாள் கழித்தும் உயிரோடு, நலமாகத் தின்று குடித்துக்கொண்டிருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இருக்கவில்லை என்று அர்த்தம். உலக சுகாதார நிறுவனம் 10 நாள் என்கிறது, எங்களுக்கு 14 நாள் சொன்னார்கள். காயம் ஆழமில்லாததால் டொக்டர் ஊசியை உடனே தொடங்கிவிட்டு, நாய் நலமாக இருந்தால் மிச்ச ஊசியை நிறுத்தலாம், அதுவரை நாயைக் கண்ணில் வைத்திருங்கள் என்றார்.

முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் எங்கள் வளவில் மூன்றாம் மாடி அன்ரிதான். நீங்கள் எல்லோரும் ஏசுகிற அதே அன்ரி. அவருக்கு ஒவ்வொரு நாயும் தெரியும். பெரிய நாய் ஏழு, அதில் பெட்டை மூன்று, ஊசி போட்டது நாலு, அட்டை தன்னிடம் இருக்கிறது என்றார். மண்ணிறப் பெட்டை புதிதாக வந்தது, அதற்கு இன்னும் போடவில்லை என்றும் மறைக்காமல் சொன்னார். ஒவ்வொரு நாள் காலையும் எனக்கு ஒரு படம் அனுப்பினார். நாய் தின்றது, குட்டிக்குப் பால் கொடுத்தது, நலமாக இருக்கிறது. நான் அதைப் பிள்ளையின் உம்மாவுக்கு அனுப்புவேன். அவர் அதைப் பார்த்த பிறகுதான் தேநீர் குடிப்பார்.

ஆறாம் நாள் படம் வரவில்லை. முந்தின இரவு நாலு பேர் சாக்கோடு வந்து, சின்ன லொறி ஒன்றில் மூன்று நாயை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கே விட்டார்கள் என்று இன்று வரை யாரும் சொல்லவில்லை. யார் என்று எனக்குத் தெரியும். இங்கே பெயர் எழுதப் போவதில்லை. அவர்கள் தீய மனிதர்கள் இல்லை, பிள்ளைகளுக்கு நல்லது செய்ததாகவே நினைக்கிறார்கள்.

என்ன நடந்தது என்று பாருங்கள். அந்த நாய் நலமாக இருந்ததா, செத்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைக்கு மிச்ச ஊசி எல்லாவற்றையும் போட வேண்டியதாயிற்று. ஊசி முடிகிற வரைக்கும் அந்த உம்மா நித்திரை கொள்ளவில்லை. பிள்ளை தண்ணீர் குடிக்கும்போது விழுங்குகிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்ததாக என்னிடம் அழுதார். தாயில்லாத ஐந்து குட்டியில் இரண்டு செத்தன. மூன்று இன்னும் ஜெனரேட்டர் அறைக்குக் கீழே இருக்கின்றன. இந்த "தேவையான நடவடிக்கை" யாரைக் காப்பாற்றியது?

இப்போது கணக்கைப் பார்ப்போம். கணக்கு நாலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்கும்.

அந்த இரவுக்கு முன் வளவில் ஏழு நாய். ஊசி போட்டது நாலு. நூற்றுக்கு 57. ஒரு பிரதேசத்தின் நாய்களில் நூற்றுக்கு 70க்கு ஊசி போட்டு, அதை வருடா வருடம் காப்பாற்றினால் நாய்க்கு நாய் நோய் பரவுவது அறுந்துவிடும் என்பதுதான் உலகம் முழுவதும் பின்பற்றும் அளவு. ஏழில் ஐந்து நாய் என்றால் 71. அதாவது எங்கள் வளவு ஒரு நாய் குறைவில் நின்றது. அந்த ஒரு நாய் மண்ணிறப் பெட்டையாகவே இருந்திருக்கலாம்.

ஏற்றிக்கொண்டு போனது எந்த மூன்றை? குட்டியை விட்டு ஓடாத பெட்டை ஒன்று. மற்ற இரண்டும் கூப்பிட்டால் வாலாட்டி வருகிற நாய்கள். மனிதரிடம் பழகிய நாய்தான் சாக்குக்குள் முதலில் போகும். ஊசி போடப் பிடிபட்டதும் அதே பழகிய நாய்தான். ஆகவே இரண்டுக்கும் ஊசி போட்டிருந்தது. மிஞ்சியது நாலு நாய், அதில் இரண்டுக்குத்தான் ஊசி. மூன்று கிழமைக்குள் சந்திப் பக்கமிருந்து புதிதாக மூன்று நாய் உள்ளே வந்துவிட்டது. இன்று எண்ணினேன். மறுபடியும் ஏழு. ஊசி போட்டது இரண்டு. நூற்றுக்கு 29.

நாயின் தொகை குறையவில்லை. தெரிந்த நாய் போய்த் தெரியாத நாய் வந்தது, ஊசி போட்ட நாய் போய்ப் போடாத நாய் வந்தது, அவ்வளவுதான். புதிதாக வந்த மூன்றும் இரவெல்லாம் பழைய நாலோடு சண்டை. முன்பு குரைக்காத நேரத்திலும் இப்போது குரைப்பதாகக் குழுமத்தில் முறைப்பாடு போடுபவர்கள் கடிதத்தில் கையெழுத்து வைத்தவர்களே.

"சாப்பாடு வைக்காவிட்டால் வராதுதானே" என்று கேட்பீர்கள். அன்ரி வைக்கிற இரண்டு சட்டிச் சோறுதான் நாயை இங்கே வைத்திருக்கிறதா? திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் காலையில்தான் குப்பை வண்டி வரும். ஆனால் ஞாயிறு இரவே முன் கேட்டடியில் ஷொப்பிங் பேக்குகள் வரிசையாக நிற்கும். இறைச்சி எலும்பு, மீன் செதில், புரியாணி மிச்சம், பிள்ளையின் பம்பர்ஸ் எல்லாம் ஒரே பேக்கில். விடியும்போது அத்தனையும் கிழிந்து கிடக்கும். அன்ரி ஒரு நாளைக்குக் கொடுப்பதைவிட அந்த ஒரு இரவில் 48 வீடும் சேர்ந்து கொடுப்பது பல மடங்கு. வித்தியாசம் இதுதான்: அன்ரி கொடுப்பதைத் தெரிந்து கொடுக்கிறார், நாங்கள் தெரியாமல் கொடுக்கிறோம். ஆகவே 2,000 ரூபா தண்டம் என்றால் முதலில் கட்ட வேண்டியது ஞாயிறு இரவு பேக் வைக்கிற வீடு. கையெழுத்துப் பட்டியலில் அந்த வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கவா?

இனி மற்றப் பக்கம். உணவு வைப்பவர்கள் என்னைத் தங்கள் ஆள் என்று நினைக்க வேண்டாம். அன்ரி உட்பட, இது உங்களுக்கும்தான்.

மாடியிலிருந்து சோற்றை வீசுவது இரக்கம் இல்லை. படிக்கட்டடியில் கொட்டி வைத்துவிட்டு மேலே ஏறிப் போவதும் இரக்கம் இல்லை. படிக்கட்டடியில் வைத்தால் நாய் படிக்கட்டைத் தன் இடமாக எடுக்கும், அதைக் காவல் காக்கும், ஏறி இறங்குகிற பிள்ளையைக் கள்ளனாகப் பார்க்கும். அந்தக் கடிக்கு நாய் மட்டும் பொறுப்பில்லை. லஞ்ச் ஷீட் விரித்த கையும் பொறுப்பு.

நாய் தின்றது போக மிச்சத்தை இரவில் எலி தின்னும். எலி மூத்திரம் மழைத் தண்ணீரில் கலந்தால் எலிக்காய்ச்சல். அதைவிட மோசமானது தண்ணீர்ச் சட்டி. நன்மை என்று நினைத்துத் தயிர்ச் சட்டியில் தண்ணீர் வைக்கிறீர்கள். யோகட் கப்பும் சிரட்டையும் மதிலோரம் கிடக்கிறது. மூன்று நாள் மழை பெய்தால் எல்லாம் நிரம்பும். எங்கள் சூட்டில் டெங்கு நுளம்பின் முட்டை ஏழு முதல் பத்து நாளில் பறக்கிற நுளம்பாகிவிடும். போன மழைக்கு நான் பின் மதிலடியில் ஒரு சட்டியைக் கவிழ்த்தபோது உள்ளே புழு நெளிந்தது. நாய்க்குத் தண்ணீர் கொடுத்த நன்மையோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டெங்கு கொடுத்த பாவமும் வரும் என்றால் அந்தக் கணக்கை யார் தீர்ப்பது?

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை: சாப்பாடு கொடுத்துவிட்டுக் கருத்தடை செய்யாமல் விடுவது. பெட்டை நாய் ஒன்று ஏறத்தாழ 63 நாள் சுமக்கும். ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டி. வருடத்தில் இரண்டு தடவை கூட ஈனும். பெட்டை பருவத்துக்கு வரும்போதுதான் ஒழுங்கை முழுவதும் உள்ள கடுவன் நாய்கள் இங்கே கூடும், கடிபாடும் அப்போதுதான் கூடும். நல்ல சாப்பாடு கிடைக்கும் பெட்டையின் குட்டிகள் அதிகம் பிழைக்கும். அப்படிப் பிழைத்த குட்டிகள் நாளைக்கு வாகனத்தில் அடிபட்டும் சொறி பிடித்தும் எங்கள் கண் முன்னாலேயே சாகும். கருத்தடை செய்யாமல் ஊட்டுகிறவர் அந்தச் சாவுகளுக்கும் சேர்த்துத்தான் ஊட்டுகிறார்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு தனிச் சொல். குழுமத்தில் சிலர் "நாய் நஜீஸ், முஸ்லிம் வீடுகள் உள்ள இடத்தில் என்ன நாய்" என்று எழுதினார்கள். மார்க்கத்தை இழுத்தது நீங்கள், ஆகவே நானும் பேசுகிறேன்.

எங்கள் ஷாபிஈ மத்ஹபில் நாயின் எச்சில் கடும் நஜீஸ். பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்த தண்ணீரால். அதை நான் மறுக்கவில்லை. மஃரிபுக்கு உளூச் செய்துகொண்டு இறங்குகிறவரின் உடுப்பில் நாய் வந்து நக்கினால் அவருக்கு அது உண்மையான கஷ்டம். சிங்கள அயலவர்களும் தமிழ் அயலவர்களும் இதை விளங்கிக்கொள்ள வேண்டும், இது நாய் வெறுப்பு இல்லை, தொழுகைக்கான சுத்தம். ஆனால் உலர்ந்த உடுப்பில் உலர்ந்த நாய் உரசிப் போனால் அதனால் நஜீஸ் ஒட்டாது என்பதும் அதே மத்ஹபின் சட்டம்தான். சந்தேகம் இருந்தால் மௌலவியிடம் கேளுங்கள். சட்டத்தின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு கத்துவது சரியில்லை.

நஜீஸ் என்பது கழுவுவதற்கான சட்டம். பட்டினி போடுவதற்கான அனுமதி இல்லை. தாகத்தில் மண்ணை நக்கிய நாய்க்குத் தன் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்த ஹதீஸை நாங்கள் எல்லோரும் மத்ரஸாவில் ஓதினோம். அது புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பூனையைக் கட்டி வைத்து, தானும் கொடுக்காமல், தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் கதையையும் ஓதினோம். அதே சன்மார்க்கத்தில்தான் பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை. ஆகவே படிக்கட்டடியில் எச்சில் சோறு கொட்டுவதற்கும் ஹதீஸில் இடமில்லை, குட்டி பால் குடிக்கும்போது தாயைச் சாக்கில் கட்டுவதற்கும் இடமில்லை.

பூனை விசயத்திலும் எங்களிடம் ஒரு பாசாங்கு இருக்கிறது. நாய் என்றால் தண்டம், பூனை என்றால் "பாவம், நபியவர்களுக்கு விருப்பமான பிராணி". பூனையும் கடிக்கும், பூனைக்கும் விசர் வரும், பூனைக்கும் ஊசி போட வேண்டும். சிறுவர் ஊஞ்சலடி மணலில் மலம் புதைப்பது நாய் இல்லை, பூனைதான். மூன்றாம் மாடிப் படியில் பூனைக்கு மீன் வைக்கிற மூன்று வீடு நாய்க்கு எதிராகக் கையெழுத்து வைத்திருக்கிறது. சட்டம் போடுவதென்றால் இரண்டுக்கும் ஒரே சட்டம் போடுங்கள்.

சட்டம் என்றதும் இன்னொன்று. கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வதை 2006 இல் அரசாங்கம் கொள்கையாகவே நிறுத்திவிட்டது. பிராணிகளைக் கொடுமைப்படுத்துவது 1907 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே குற்றம். "தேவையான நடவடிக்கை" என்று எழுதிய கை, அந்த நடவடிக்கை என்ன என்று ஏன் எழுதவில்லை? எழுத முடியாத காரியம் என்பதால்தான் எழுதவில்லை. எழுத முடியாத காரியத்துக்கு என் கையெழுத்தைக் கேட்காதீர்கள்.

ஒழிக்கச் சொல்வதை விட்டுவிட்டு என்ன செய்யலாம் என்று கேட்டால், நான் கையெழுத்து வைக்கத் தயாரான கடிதம் இது:

"1. உணவு ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். பின் கேட்டுக்கு வெளிப்பக்க மதிலடி. காலை 8.30. அந்த நேரம் பிள்ளைகள் பாடசாலைக்குப் போய் முடிந்திருக்கும். படிக்கட்டு, லிப்ட் வாசல், ஊஞ்சலடி, தண்ணீர்த் தாங்கியடி, வாகனத் தரிப்பிடம் எங்கும் வைக்கக் கூடாது. மாடியிலிருந்து எதையும் வீசக் கூடாது.

2. பாத்திரத்தில் மட்டும். 15 நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிட்டு இடத்தைக் கழுவ வேண்டும். சமைத்த கோழி எலும்பு வேண்டாம், அது உடைந்து குடலில் குத்தும். தண்ணீர்ச் சட்டியை ஒவ்வொரு நாளும் கவிழ்த்து, தேய்த்து, புதிதாக நிரப்ப வேண்டும். நிரப்ப ஆளில்லாத நாளில் சட்டி கவிழ்ந்தே இருக்க வேண்டும்.

3. உணவு வைக்கிறவர் பெயர் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நாய்க்கும் பூனைக்கும் படம், ஊசி போட்ட திகதி, கருத்தடை செய்ததா என்பது ஒரு கொப்பியில் இருக்க வேண்டும். கொப்பி காவலாளி மேசையில் இருக்கும். யாருக்கும் கடிபட்டால் டொக்டர் கேட்கும் கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்க வேண்டும்.

4. வருடத்துக்கு ஒரு தடவை ஊசி. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நாங்கள் எழுத்தில் கேட்போம், அரசாங்கத்தின் விசர்நாய்த் தடுப்பூசி இலவசம். முதலில் மூன்று பெட்டைக்கும் கருத்தடை, பிறகு கடுவன்களுக்கு. செலவுக்கு வீட்டுக்கு மாதம் 200 ரூபா. 48 வீட்டுக்கு 9,600.

5. குப்பை வண்டி வரும் நாள் காலையில் மட்டுமே வெளியே வர வேண்டும். இரவில் வைத்தால் தண்டம். மீன், இறைச்சிக் கழிவு மூடியுள்ள வாளியில்.

6. கடித்த நாயைக் கண்காணிப்பு நாட்கள் முடியும் வரை யாரும் துரத்தவோ அகற்றவோ கூடாது. அதன் பிறகும் அது காரணமில்லாமல் கடிக்கிற நாய் என்றால் மிருக வைத்தியரிடம் காட்டி அவர் சொல்வதைச் செய்வோம்."

இந்தக் கடிதத்தில் நேரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சிலர் கேட்பார்கள். ஊசி போட வருகிறவர்கள் வலையோடு வந்தால் பழகாத நாய் மதில் பாய்ந்து ஓடிவிடும். அரை நாள் போகும், இரண்டு நாய் பிடிபடும், அவர்கள் போய்விடுவார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் 8.30க்குச் சட்டியடிக்கு வந்து பழகிய ஏழு நாயும், ஊசி நாளிலும் 8.30க்கு வந்து நிற்கும். சாப்பாட்டை நிறுத்தினால் அந்த நாயை எங்கள் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவர வேறு வழி இல்லை. தடை போடுகிற கடிதம் ஊசியையும் சேர்த்துத் தடை செய்கிறது. இதைத்தான் 41 வீட்டுக்காரரும் யோசிக்க வேண்டும்.

இந்த ஒழுங்கில் குறை இல்லையா? இருக்கிறது. இது மெதுவானது. இந்த வருடம் கருத்தடை செய்தாலும் நாயின் தொகை குறைவது தெரிய இரண்டு மூன்று வருடம் போகும். பக்கத்து ஒழுங்கையிலிருந்து புது நாய் வரும், கொப்பியில் புதிதாக எழுத வேண்டி வரும். யாராவது இரவில் குட்டிகளைப் பெட்டியில் கொண்டுவந்து எங்கள் கேட்டடியில் போட்டுவிட்டுப் போவார்கள். 15 நிமிடம் நின்று கழுவ அன்ரிக்கு முழங்கால் வலி, வேறு யாராவது முறை எடுக்க வேண்டும். நான் சனி, ஞாயிறு எடுக்கிறேன். நாயைத் தொட மாட்டேன், ஆனால் சட்டி கழுவ எனக்கு எந்தத் தடையும் இல்லை. கையுறையும் நீளக் கைபிடி தேய்க்கும் பிரஷும் போதும். பட்டால் கழுவும் முறையும் எனக்குத் தெரியும்.

லிப்டில் கேட்ட நானாவுக்கு: பிள்ளையின் பக்கம் நிற்பது என்றால், அவன் ஓடுகிற படிக்கட்டில் சாப்பாடு இல்லாமல் பார்ப்பது, அவன் விளையாடுகிற வளவில் உள்ள ஒவ்வொரு நாய்க்கும் ஊசி போட்டிருப்பது, கடிபட்டால் அந்த உம்மாவிடம் "இன்று காலையும் நாய் நலமாகத் தின்றது" என்று யாராவது சொல்லக்கூடியதாக இருப்பது. உங்கள் கடிதத்தில் இந்த மூன்றில் முதலாவது மட்டும் அரைகுறையாக இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் அது எதிரானது.

வரும் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு கீழ் மண்டபத்தில் கூட்டம். என் கடிதத்தின் சிங்களப் பிரதியை இரண்டாம் மாடி மாத்தயா எழுதித் தருகிறார். கையெழுத்து வைத்த 41 பேரும் வாருங்கள், வாசித்துப் பார்த்து, பிழை இருந்தால் என் முகத்துக்கே சொல்லுங்கள். திருத்துவோம்.

வரும்போது ஒரு காரியம் செய்யுங்கள். ஜெனரேட்டர் அறைக்குக் கீழே இருக்கிற மூன்று குட்டியையும் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். அவற்றுக்கு இன்னும் ஊசி போடவில்லை. கொப்பியின் முதல் பக்கத்தில் அவற்றைத்தான் எழுத வேண்டும்.